பச்சையாகவே வாடின

எங்கள் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரு பெண் எழுதிய கடிதத்துக்கு மறுப்பு எழுதி வைத்துவிட்டேன். இப்போதைக்கு இடமில்லை, அடுத்த பருவத்தில் தொடர்பு கொள்ளுங்கள் என்று வழக்கமாக அனுப்பும் நான்கு வரிதான். அனுப்புவதற்குள், நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் வேலை முடிந்து கூவியது. எழுந்து போய் ஃபிளாஸ்க்குகளை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, திரையில் அவள் கடிதத்தின் மூன்றாவது பத்தி திறந்தபடி இருந்தது. அப்போதுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். இது நடந்து மாதங்கள் ஆகின்றன. அன்று ஆட்டோகிளேவ் கூவாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தாவர நோயியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் புதிதல்ல. வேளாண்மையில் இளநிலைப் பட்டம் முடித்தவர்கள், மேற்படிப்புக்கு முன் கிடைக்கும் இடைவெளியில், ஒரு மாதமோ ஆறு வாரமோ ஆய்வகத்தில் இருந்து கற்றுக்கொள்ள அனுமதி கேட்டு எழுதுவார்கள். பெரும்பாலான கடிதங்களில் முதல் இரண்டு பத்திகளும் ஒரே மாதிரி இருக்கும். சிறுவயதிலிருந்தே செடிகள்மேல் ஆர்வம், உங்கள் ஆய்வகத்தின் சிறப்பான பணி, என் திறமையை வளர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. எழுதுபவர்களைக் குறை சொல்லவில்லை. அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் படிக்கும் எனக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. இவர் கையால் ஒரு தட்டில் நுண்ணுயிர் வளர்க்கும் ஊடகம் ஊற்றியிருக்கிறாரா? நோய் வந்த செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்திருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஒருவரை உள்ளே விடுவது எங்களுக்குச் சிரமம். வெளிக்கிருமி விழாமல் வேலை செய்வதற்கான லேமினார் ஃப்ளோ மேசை ஒன்றுதான் இருக்கிறது. அதில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். புதிதாக வருபவருடன் முதல் வாரம் முழுக்க யாராவது கூடவே நிற்க வேண்டும்.

அவள் கடிதத்திலும் முதல் இரண்டு பத்திகள் அப்படித்தான் இருந்தன. அந்த இரண்டைப் படித்துவிட்டுத்தான் மறுப்பை எழுதியிருந்தேன்.

மூன்றாவது பத்தி

அதை அவள் அனுமதியோடு அப்படியே தருகிறேன்.

"இறுதியாண்டு திட்டப்பணியில் தக்காளி வாடல் நோயை எடுத்துக்கொண்டேன். பூக்கும் பருவத்தில் இருந்த செடிகள் இரண்டு மூன்று நாட்களில் பச்சையாகவே வாடின. தண்டைப் பிளந்து பார்த்தபோது உள்ளே பழுப்புக் கோடு இருந்தது. அந்தப் பகுதியைச் சிறு துண்டுகளாக வெட்டி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் வைத்து, மூன்று முறை கழுவி, ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்த பி.டி.ஏ. ஊடகத்தில் வைத்தேன். ஐந்தாம் நாள் வெள்ளைப் பஞ்சு போலவும் அடியில் இளஞ்சிவப்பாகவும் பூஞ்சை வளர்ந்தது. நுண்ணோக்கியில் பிறை வடிவ வித்துகள் தெரிந்தன. ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்று அடையாளம் கண்டோம். அதன் வித்துக் கரைசலில் பத்து நாற்றுகளின் வேரை நனைத்து நட்டேன். முப்பத்தைந்து நாள் பார்த்தேன். ஒன்றுகூட வாடவில்லை. அறிக்கையில் 'சுற்றுச்சூழல் சாதகமாக இல்லாததால் நோய் தோன்றவில்லை' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்."

இதைப் படித்ததும் முதலில் எனக்குள் வந்தது பழக்கத்தால் வந்த பதில். ஃபியூசேரியத்தைச் செடியில் செலுத்தி நோய் வராமல் போவதற்குக் காரணங்கள் பல உண்டு. வித்துகளின் அடர்த்தி குறைந்திருக்கலாம். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சமாவது இருக்க வேண்டும். மண் குளிர்ந்திருக்கலாம்; இந்தப் பூஞ்சைக்கு 28 டிகிரி வாக்கில்தான் வேகம் வரும். நாற்று எதிர்ப்பு மரபணு கொண்ட ரகமாக இருந்திருக்கலாம். பூஞ்சையைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்ததில் அதன் வீரியம் குறைந்திருக்கலாம். இவற்றையெல்லாம் ஒரு பத்தியில் எழுதி அனுப்பினால் அவளுக்கு உதவியாக இருக்கும், இன்டர்ன்ஷிப் தர வேண்டிய அவசியமும் இருக்காது என்று நினைத்தேன். தட்டச்சு செய்யவும் ஆரம்பித்தேன்.

பாதியில் கை நின்றது. "பச்சையாகவே வாடின" என்று அவள் எழுதியிருந்தாள்.

ஃபியூசேரியம் வாடலில் செடி அப்படிச் சாவதில்லை. முதலில் அடியிலைகள் மஞ்சளாகும். பல நேரம் செடியின் ஒரு பக்கம் மட்டும், சில சமயம் ஓர் இலையின் ஒரு பாதி மட்டும் மஞ்சளாகும். அப்புறம் மஞ்சள் மெல்ல மேலே ஏறும். உச்சி வாடுவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். வெந்நீர் ஊற்றியதுபோல இரண்டு மூன்று நாளில் பச்சை நிறம் மாறாமலேயே தலை தொங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பாக்டீரியா வாடலை. ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா வேர் வழியாக உள்ளே போய், நீர் ஏறும் குழாய்களில் பெருகி, கொழகொழப்பான பொருளைச் சுரந்து அடைத்துவிடும். இலைக்கு நீர் போவது திடீரென்று நின்றுவிடும். மஞ்சளாவதற்கு அவகாசமே இருக்காது. தண்டைப் பிளந்தால் தெரியும் பழுப்புக் கோடு இரண்டு நோய்களிலும் வரும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இன்னொன்றும் உடனே உறைத்தது. அவள் ஊடகத்தில் சேர்த்தது ஸ்ட்ரெப்டோமைசின். பூஞ்சையைப் பிரித்தெடுக்கும்போது பாக்டீரியா வந்து தட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சேர்க்கும் மருந்து அது. பாடத்தில் இருப்பது, எல்லோரும் செய்வது. அவள் வெட்டி வைத்த துண்டில் ரால்ஸ்டோனியா கோடிக்கணக்கில் இருந்திருந்தாலும் அந்தத் தட்டில் தலைகாட்டியிருக்காது. வளர முடிந்தது பூஞ்சை மட்டும்தான். ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் மண்ணில் எங்கும் இருக்கிறது. அதில் நோய் உண்டாக்காத வகைகள் ஏராளம். நல்ல ஆரோக்கியமான செடியின் வேரிலேயே குடியிருக்கும். செத்துக்கொண்டிருக்கும் திசுவில் அது நுழைவதில் ஆச்சரியம் எதுவுமில்லை. ஆக, பூஞ்சையைத் தேடும் முறையில் தேடினாள், பூஞ்சை கிடைத்தது. பத்து நாற்றுகள் வாடாமல் நின்றது அவள் செய்முறையின் தோல்வியாக இருக்க வேண்டியதில்லை. இவன் ஆள் இல்லை என்று அந்தச் செடிகள் சரியான பதிலையே சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலைத்தான் "சுற்றுச்சூழல் சாதகமாக இல்லை" என்று எழுதி மூடியிருக்கிறார்கள்.

இதே பாக்டீரியாவைத்தான் 1896-இல் எர்வின் ஸ்மித் தக்காளி, உருளை, கத்திரி வாடலுக்குக் காரணம் என்று விவரித்து எழுதினார். பாக்டீரியா செடிகளில் நோய் உண்டாக்கும் என்பதையே அப்போது பலர் ஏற்கவில்லை. ஆல்ஃபிரட் ஃபிஷர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதை மறுத்து எழுத, இருவருக்கும் இடையே சில ஆண்டுகள் அச்சிலேயே சண்டை நடந்தது. செடியில் பூஞ்சையைத் தேடுவதே இயல்பு என்ற பழக்கம் அவ்வளவு பழையது. அவளுக்கு வழிகாட்டியவரிடமும் அது இருந்திருக்கிறது. தட்டச்சைப் பாதியில் நிறுத்தும்வரை என்னிடமும் இருந்தது.

ஒரு கண்ணாடி டம்ளர்

மறுப்பை அழித்துவிட்டு வேறு பதில் எழுதினேன். இன்டர்ன்ஷிப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. அந்த வயலில் இப்போதும் செடிகள் வாடுகின்றனவா என்று கேட்டேன். வாடினால், புதிதாகத் தலை தொங்கிய செடி ஒன்றை எடுத்து, மண்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டுங்கள். நிறமில்லாத கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரை நிரப்பி, துண்டின் அடிமுனை மட்டும் நீரில் படும்படி தொங்கவிடுங்கள். டம்ளரை ஆட்டாதீர்கள். பின்னால் ஒரு கறுப்புத் துணியோ தாளோ வையுங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள், என்ன தெரிய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. இவ்வளவுதான் எழுதினேன்.

கடைசி வரியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். இதைத்தான் எதிர்பார்க்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், தண்டிலிருந்து உதிரும் மண்கூட அதுவாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

நான்காம் நாள் பதில் வந்தது. "மேடம், இரண்டு நிமிடம் எதுவும் இல்லை. அப்புறம் வெட்டுவாயிலிருந்து பால் கலந்ததுபோல மெல்லிய நூல் ஒன்று நேராகக் கீழே இறங்கியது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. அடியில் போய்ச் சேர்ந்து புகை மாதிரி பரவியது. பத்து நிமிடத்தில் தண்ணீர் கலங்கிவிட்டது. வாடாத செடியிலும் செய்து பார்த்தேன், நீர் தெளிவாகவே இருந்தது. மூன்று செடிகளில் செய்தேன். மூன்றிலும் நூல் வந்தது."

வாடாத செடியிலும் செய்து பார்க்கும்படி நான் சொல்லவில்லை. அது அவளாகச் செய்தது. அதைப் படித்த இடத்தில்தான் அவளை வரச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

அந்த நூலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குழாய்களில் அடைந்திருக்கும் பாக்டீரியா தன் கொழகொழப்போடு நீரில் வழிவதுதான் அது. ஃபியூசேரியம் வந்த தண்டிலிருந்து இப்படி வராது. ஒரு டம்ளரும் ஐந்து நிமிடமும் போதும். ஆறு மாதத் திட்டப்பணி ஒன்று முதல் நாளே திசை திரும்பியிருக்கும். ஆனாலும் இது சந்தேகத்தை வலுப்படுத்தும் சோதனை மட்டும்தான். எந்தப் பாக்டீரியா, அதுதான் காரணமா என்பதற்கு அதைத் தனியே பிரித்து, நல்ல செடியில் செலுத்தி, நோய் வரவைத்து, அங்கிருந்து மறுபடி அதையே பிரித்தெடுக்க வேண்டும். நோய்க்குக் காரணமான கிருமியை உறுதிசெய்ய ராபர்ட் கோக் வகுத்த அந்த நான்கு படிகளையும் அவள் ஒருமுறை ஏறியிருந்தாள். மூன்றாவது படியில் படிக்கட்டு முடிந்துபோயிருந்தது.

ஒரு மாதத்துக்குள் எது அடங்கும்

"அடுத்த திங்கள் முதல் முப்பது நாட்கள்" என்று அவள் கேட்டிருந்தாள். கடிதம் எழுதும் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். அவர்கள் விடுப்பு அப்படி அமைகிறது. ஆனால் தாவர நோயியலில் நாட்காட்டியை முடிவு செய்வது செடி. நோய் செலுத்தக் குறைந்தது மூன்று நான்கு வார வயதுள்ள நாற்று வேண்டும். அவள் திங்கட்கிழமை வந்து விதைத்தால், நாற்று தயாராகும்போது அவள் மாதம் முடிந்திருக்கும். அதனால் ஐந்து வாரம் தள்ளி ஒரு தேதியைக் கொடுத்தேன். பதில் எழுதிய அன்றைக்கே, ஆய்வகத்தில் கிருமிநீக்கிய மண்ணில், நோயைத் தாங்காத ஒரு ரகத்தின் விதையைத் தூவச் சொன்னேன். ஆய்வகத்துக்கு எழுதுபவர்கள் இதை யோசித்து இரண்டு மாதம் முன்னதாகவே எழுதினால் இரு தரப்புக்கும் எவ்வளவோ எளிது.

அவள் ஃபியூசேரியத்தையே மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தால் மாதம் போதாது. பிரித்தெடுக்க ஒரு வாரம், ஒற்றை வித்திலிருந்து தூய வளர்ப்பு எடுக்க இன்னொரு வாரம், செலுத்திய பின் அறிகுறிக்கு மூன்று நான்கு வாரம். பாக்டீரியா வாடலில் அந்த நெருக்கடி இல்லை. இரண்டு நாளில் தட்டில் வளர்ந்துவிடும், செலுத்திய ஒரு வாரத்தில் செடி வாட ஆரம்பித்துவிடும். நான்கு படிகளும் நான்கு வாரத்துக்குள் அடங்கும். குறுகிய இன்டர்ன்ஷிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியாது.

அவள் இன்னொன்றும் கேட்டாள். நோய் வந்த செடியை வரும்போது எடுத்து வரட்டுமா என்று. நல்லெண்ணத்தோடு கேட்டதுதான், ஆனால் இந்தக் கேள்விக்கு யாரும் சட்டென்று சரி சொல்லிவிடக் கூடாது. இந்தப் பாக்டீரியா மண்ணில் நெடுநாள் இருக்கும், இருநூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும், பல நாடுகளில் தடைக்காப்புப் பட்டியலில் இருக்கிறது. செருப்பில் ஒட்டிய மண்ணும் போதும் ஒரு புது இடத்துக்குப் போய்ச் சேர. எங்கள் ஆய்வகத்துக்கு அதைக் கையாள அனுமதி இருந்தது, அவள் வயலும் எங்கள் எல்லைக்குள்ளேயே இருந்தது. அதனால் தண்டுத் துண்டை மட்டும், மண்ணில்லாமல், இரட்டைப் பையில் கட்டிக் கொண்டுவரச் சொன்னேன். வேறு பகுதியிலிருந்து எழுதியிருந்தால் வேண்டாம் என்று சொல்லி, நாங்கள் சேமித்து வைத்திருக்கும் வளர்ப்பைத்தான் கொடுத்திருப்பேன்.

அந்த நான்கு வாரம்

முதல் நாளே தண்டை நீரில் விட்டு, வழிந்த நூலைக் கம்பிக் கண்ணி ஒன்றில் எடுத்துத் தட்டில் கோடிழுத்தாள். இந்த வேலைக்கென்று ஒரு ஊடகம் இருக்கிறது. 1954-இல் ஆர்தர் கெல்மன் என்ற தாவர நோயியலாளர் கொடுத்தது. பெப்டோன், கேசின், குளுக்கோஸ், அகார் சேர்ந்த சாதாரண ஊடகத்தில், ஆறி வரும்போது டெட்ராசோலியம் குளோரைடு என்ற நிறமற்ற பொருளை லிட்டருக்கு 50 மில்லிகிராம் சேர்ப்போம். பாக்டீரியா அதைச் சிவப்பாக மாற்றும். வீரியமுள்ள ரால்ஸ்டோனியா தன் கொழகொழப்புக்குள் மூழ்கிக் கிடப்பதால் நடுவில் மட்டும் இளஞ்சிவப்பாகவும் சுற்றிலும் பால்வெள்ளையாகவும், ஒழுங்கற்ற வடிவில், தட்டைச் சாய்த்தால் வழியும் போல வளரும். வீரியம் இழந்தது சிறிதாக, வட்டமாக, அடர்சிவப்பாக இருக்கும். இரண்டையும் வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் தட்டைத் திறந்தபோது தனித்தனி புள்ளியாக ஒன்றும் இல்லை. முழுக்க ஒரே படலம். கோடிழுக்கும்போது ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் கண்ணியைச் சுட்டுச் சுத்தப்படுத்த வேண்டும், அவள் அதை மறந்துவிட்டாள். இரண்டாம் முறை சுட்டாள், ஆறுமுன்பே பாக்டீரியாவில் வைத்தாள். சுர்ரென்று ஒரு சத்தம், தொட்டதெல்லாம் செத்துப்போனது. அந்தத் தட்டு காலியாக வந்தது. மூன்றாம் முறை, சுட்டபின் கண்ணியை அகாரின் ஓரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்தாள். இரண்டு நாள் கழித்து, தட்டின் கடைசிக் கால்பகுதியில் ஏழெட்டுப் புள்ளிகள் தனித்தனியாக நின்றன. நடுவில் இளஞ்சிவப்பு, சுற்றிலும் வெள்ளை. அந்தத் தட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதல் வாரம் இதிலேயே போனது. போகும் என்று தெரிந்துதான் திட்டமிட்டிருந்தேன். குறுகிய காலத்துக்கு வருபவர்களின் திட்டத்தில் இந்த வாரத்துக்கு இடம் வைக்காவிட்டால், மற்ற எல்லாமே அவசரத்தில் கெடும்.

தனிப்புள்ளி ஒன்றிலிருந்து வளர்த்து, கண்ணாடித் துண்டில் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளியில் கலந்து தூக்கினாள். பசை நூல் போல எழும்பியது. ரால்ஸ்டோனியா சேர்ந்திருக்கும் கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியா என்பதற்கு எளிய அடையாளம் அது. தூய வளர்ப்பைக் கிருமிநீக்கிய வெறும் காய்ச்சி வடித்த நீரில் போட்டு மூடி வைத்தோம். உணவே இல்லாத நீரில் இந்தப் பாக்டீரியா ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். தட்டிலேயே விட்டுவைத்தால் சில வாரங்களில் சிவந்து வீரியம் இழந்துவிடும். நன்றாகக் கவனித்தால் கெட்டுப்போகும், பட்டினி போட்டால் பிழைத்திருக்கும் உயிர் என்று அவள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் செடிகளில் செலுத்தினோம். பன்னிரண்டு தொட்டிகளில், தண்டிலிருந்து சற்றுத் தள்ளி மண்ணுக்குள் ஒரு பக்கம் கத்தியை இறக்கி வேரைச் சற்றே அறுத்து, மில்லிலிட்டருக்குப் பத்துக்கோடி என்ற அடர்த்தியில் கரைசலை ஊற்றினாள். இன்னொரு பன்னிரண்டில் அதேபோல வேரை அறுத்து வெறும் நீர். அந்தப் பன்னிரண்டுக்குத் தனிக் கத்தி. பழைய திட்டப்பணியில் கண்ட்ரோல் செடி வைத்தீர்களா என்று அப்போதுதான் கேட்டேன். இரண்டு வைத்ததாகச் சொன்னாள். எந்தச் செடியும் வாடாததால் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம்.

அறையை 30 டிகிரி வாக்கில் வைத்திருந்தோம். செலுத்திய ஐந்தாம் நாள் காலை, நான்காம் எண் தொட்டியில் ஒரே ஒரு இளம் இலை மதிய வெயிலில் நின்றதுபோலத் துவண்டிருந்தது. மாலையில் நிமிர்ந்துவிட்டது. மறுநாள் நிமிரவில்லை. எட்டாம் நாளுக்குள் பன்னிரண்டில் ஒன்பது தலை தொங்கின, பத்தாம் நாள் பதினொன்று. எல்லாமே பச்சையாக. வயலில் பார்த்ததும் இதேதான் என்று அவள் சொன்னாள். ஒரு செடி மட்டும் கடைசிவரை வாடவில்லை. அதன் வேர் சரியாக அறுபடவில்லையோ என்னவோ, காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. வாடிய செடிகளின் தண்டை நீரில் விட்டபோது நூல் இறங்கியது. அதிலிருந்து எடுத்துக் கோடிழுத்த தட்டுகளில் அதே இளஞ்சிவப்பு நடுப்புள்ளி.

அவளுடைய பழைய பூஞ்சையையும் ஒரு வரிசையில் வைத்திருக்கலாமே என்று கேட்டாள். வைத்திருக்கலாம்தான். ஆனால் பழைய தட்டு காய்ந்து போயிருந்தது, புதிதாகப் பிரிக்க நாள் இல்லை. அதனால் அந்த வயலில் ஃபியூசேரியத்துக்குப் பங்கே இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது. வேரில் இரண்டும் சேர்ந்து இருக்கும் வயல்களும் உண்டு. அந்த வயலில் பச்சையாக வாடிய செடிகளைக் கொன்றது எது என்பது வரைக்கும்தான் இந்த மாதம் இடம் கொடுத்தது.

இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. செலுத்திய பன்னிரண்டாம் நாள் வெறும் நீர் ஊற்றிய தொட்டிகளில் ஒன்று, எண் 19, வாடியது. அவள் முகம் வெளிறிவிட்டது. திட்டப்பணி மறுபடி பாழாகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் போய்த் தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள். மேசை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நோய் செலுத்திய வரிசையின் கடைசித் தொட்டியிலிருந்து வழிந்த நீர், அடித்தட்டு நிரம்பி, பத்தொன்பதாம் தொட்டியின் அடிவரை வந்து காய்ந்த தடம் தெரிந்தது. வயலில் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் பாசன நீரில் இது எப்படிப் போகிறதோ, அதேதான் எங்கள் மேசையிலும் நடந்திருந்தது. தண்டை வெட்டி நீரில் விட்டாள், நூல் வந்தது. தட்டில் கோடிழுத்தாள். இரண்டு நாள் கழித்து அதே புள்ளிகள்.

கடைசி மூன்று நாள் அழிப்பு வேலை. செடி, மண், தொட்டி, தட்டு எல்லாவற்றையும் பைகளில் கட்டி ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்து எடுத்தோம். உள்ளே அடர்ந்திருக்கும் மண்ணுக்குச் சூடு ஏற நேரமாகும் என்பதால் ஒரு மணி நேரம் வைத்து, மறுநாள் இன்னொரு முறை வைத்தோம். மேசையையும் தரையையும் அவளே துடைத்தாள். கூடவே அறிக்கையும் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி நாள் மாலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "மேடம், பத்தொன்பதாம் தொட்டியை எப்படி எழுதுறது? விட்டுடலாமா?" என்று கேட்டாள். நீங்கள் என்ன பார்த்தீர்களோ அதை எழுதுங்கள் என்றேன். அங்கேயே நின்றபடி அடித்தாள். "கண்ட்ரோல் செடிகள் பன்னிரண்டில் ஒன்று (எண் 19) பன்னிரண்டாம் நாள் வாடியது. அதிலிருந்தும் அதே பாக்டீரியா கிடைத்தது. மேசை சாய்ந்திருந்தது. எண் 12-இன் வடிகால் நீர் அதன் அடிவரை வந்த தடம் இருந்தது. படம் 6." படித்துக் காட்டினாள். படத்தில் தடம் தெளிவாகத் தெரியவில்லை என்று மறுபடி மேசையருகே போய், விளக்கைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டு வந்தாள்.